எடிட்டிங் + கொஞ்சம் பிளெண்டர், பட்ஜெட் கம்மி: 8 ஜிபி ராம் + 6 ஜிபி கார்டா, 16 ஜிபி ராம் + 4 ஜிபி கார்டா?

இளவேனில்
எல்லாருக்கும் வணக்கம். மீடியா கோர்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், குறும்படம் எடிட் பண்றதுக்கும் பிளெண்டர்ல சின்ன சின்ன சீன் பண்றதுக்கும் ஒரு சிஸ்டம் வாங்கணும். ஷூட் எல்லாம் போன்லதான், 4கே 30 எஃப்பிஎஸ். எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன், படம் 10, 15 நிமிஷம் வரும். பிளெண்டர்ல பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு ரூம், அதுல சாமான், லைட்டிங், சைக்கிள்ஸ்ல ரெண்டர். கேரக்டர் அனிமேஷன் எல்லாம் இப்போதைக்கு கிடையாது.

தேடித்தேடி மூணுல வந்து நிக்குது, மூணும் கிட்டத்தட்ட ஒரே விலைதான்.
அ) லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 4050 6 ஜிபி, ராம் 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி.
ஆ) லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 3050 4 ஜிபி, ராம் 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி.
இ) அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப், யூஸ்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ராம் 16 ஜிபி, 500 ஜிபி எஸ்எஸ்டி, கூட 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கார்டுதான் முக்கியம் கண்ண மூடிட்டு அ வாங்குன்றாங்க. எனக்கு 8 ஜிபிதான் இடிக்குது. இப்ப இருக்குற பழைய லேப்டாப்பும் 8 ஜிபிதான், ரிசால்வ் தொறந்தாலே டிஸ்க் 100% காட்டி அப்படியே நின்னுடுது, அதனால எனக்கு வேகமான எஸ்எஸ்டிதான் தேவையோன்னும் ஒரு டவுட்.

கேமிங்புலி
அ தான் ப்ரோ, யோசிக்கவே வேணாம். 4050ல நெறைய கேம் மீடியம் செட்டிங்ல 60 எஃப்பிஎஸ்க்கு மேல ஓடும், 3050 4 ஜிபி இப்ப வர்ற கேமுக்கு எல்லாம் தாங்காது.

இளவேனில்
கேம் ஆடுற ஐடியா இல்லங்க, எடிட்டிங்கும் பிளெண்டரும்தான்.

ரெண்டர்ராசா
இளவேனில், வாங்குறதுக்கு முன்னாடி உங்க பழைய லேப்டாப்லயே ஒண்ணு பாத்து சொல்லுங்க. எப்பவும் பண்ற மாதிரி ரிசால்வ்ல ஒரு ப்ராஜெக்ட் தொறந்து பிரவுசரையும் வச்சுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் எடிட் பண்ணுங்க, நின்னுபோற நேரத்துல டாஸ்க் மேனேஜர்ல Performance டேப் போய் Memory கிளிக் பண்ணுங்க. அங்க `In use`, `Committed` ரெண்டும் எவ்வளவு காட்டுதுன்னு எழுதுங்க. அப்புறம் ரிசோர்ஸ் மானிட்டர் தொறந்து Memory டேப்ல `Hard Faults/sec` கிராஃப் எப்படி இருக்குன்னும் பாருங்க. டிஸ்க் 100% காட்டுறத மட்டும் வச்சு டிஸ்க் ஸ்லோன்னு முடிவு பண்ண முடியாது.

வெட்டுஒட்டு
நான் தொழிலா எடிட் பண்றவன், விழா வீடியோ, சின்ன விளம்பரம் இப்படி. என்கிட்ட தனி கார்டே இல்ல, ப்ராசஸர்கூட வர்ற கிராஃபிக்ஸ்லதான் ஓடுது, ராம் மட்டும் 16 ஜிபி ரெண்டு ஸ்டிக்கா போட்டிருக்கேன். 4கே ஃபைல் வந்த உடனே ப்ராக்ஸி போட்டுடுவேன், அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், நான் அதுக்குள்ள ஆடியோ சிங்க் பண்ண உக்காந்துடுவேன். கட்டிங்குக்கு கார்டு வேணும்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன். கலர் கரெக்‌ஷன்ல நாலஞ்சு நோடு தாண்டினா திணறும், அது உண்மை.

ஒரே ஒரு விஷயம், நாளைக்கு கேமரா வாங்குற ஐடியா இருந்தா முன்னாடியே யோசிச்சுக்கோங்க. மிரர்லெஸ் கேமராவுல 10 பிட் 4:2:2 எச்.265ல எடுத்த ஃபைல ஆர்டிஎக்ஸ் 30, 40 சீரிஸ் கார்டு ஹார்ட்வேர்ல தொறக்காது, மொத்த பாரமும் ப்ராசஸர் மேல விழும். இன்டெல் 11வது தலைமுறைலேர்ந்து உள்ள இருக்குற கிராஃபிக்ஸ் அத தொறக்கும். ஒரு பையன் என்கிட்ட புது லேப்டாப்போட வந்து போன் வீடியோ பறக்குது கேமரா வீடியோ மட்டும் நகர மாட்டேங்குது, கார்டு போயிடுச்சான்னு பதறினான். கார்டுல ஒரு கோளாறும் இல்ல, ஃபைல் டைப்புதான். ப்ராக்ஸி போட்டதும் சரியாயிடுச்சு. எடிட்டிங் சாஃப்ட்வேரும் அந்த ஹார்ட்வேர யூஸ் பண்ணணும், இலவச வெர்ஷன்ல எல்லா ஃபைல் டைப்புக்கும் அது கெடைக்கும்னு நம்பிட கூடாது.

இளவேனில்
போன் மட்டும்தாங்க இப்போதைக்கு.

ராசா அண்ணா, நீங்க சொன்ன மாதிரி பாத்தேன். In use 7.4 ஜிபி, மொத்தமே 7.8தான் காட்டுது. Committed 13.6/15.8ன்னு இருக்கு. அந்த ஹார்ட் ஃபால்ட் கிராஃப் நின்னுபோற நேரத்துல எல்லாம் உச்சிக்கு போய் அங்கயே நிக்குது, நான் சும்மா விட்டா இறங்கிடுது.

ரெண்டர்ராசா
அப்ப உங்களுக்கு டிஸ்க் பிரச்சனை இல்ல, ராம் பிரச்சனை. Committedல 13.6ன்னா தொறந்து வச்ச சாஃப்ட்வேர் எல்லாம் சேந்து அவ்வளவு இடம் கேட்டிருக்குன்னு அர்த்தம், கையில இருக்குறது 7.8. மிச்சத்த விண்டோஸ் எஸ்எஸ்டிலயோ ஹார்ட் டிஸ்க்லயோ தூக்கி போட்டுட்டு வேணும்ங்கிறப்ப திரும்ப எடுத்துட்டு வருது, அந்த போக்குவரத்துதான் உங்களுக்கு டிஸ்க் 100%ன்னு தெரியுது. வேகமான எஸ்எஸ்டி போட்டா நிக்கிற நேரம் கொறையும், ஆனா நிக்கிறது நிக்காது. பிளாக்மேஜிக்கே ரிசால்வுக்கு 16 ஜிபி வேணும், ஃப்யூஷன் யூஸ் பண்ணா 32ன்னுதான் சொல்றான். பிளெண்டர் குறைஞ்சபட்சம் 8, நல்லா ஓடணும்னா 32ங்கிறான்.

இப்ப அ லேப்டாப்புக்கு வாங்க. 8 ஜிபிங்கிறது பிரச்சனை இல்ல, அந்த 8 ஜிபி எப்படி இருக்குங்கிறதுதான் கேள்வி. கடையில டெமோ பீஸ் ஓடுதுன்னா அதே டாஸ்க் மேனேஜர்ல Memory பக்கத்துல கீழ பாருங்க, `Slots used`ன்னு ஒண்ணு, `Form factor`ன்னு ஒண்ணு இருக்கும். Form factorல `SODIMM`ன்னு இருந்தா கழட்டி மாட்டலாம். `Row of chips`ன்னு இருந்தா போர்டுலயே பதிச்சது, அத ஒண்ணும் பண்ண முடியாது. பதிச்சது போக கூட ஒரு ஸ்லாட் குடுக்குற மாடலும் இருக்கு, அதனால அந்த மாடலோட ஸ்பெக் பக்கத்த கம்பெனி சைட்லயே பாத்துடுங்க, விக்கிறவங்க வாய்ல சொல்றத நம்பாதீங்க.

நந்தா_22
இதுக்கு எதுக்கு இவ்ளோ குழப்பம், ராம் நெறைய இருந்தா கார்டு மெமரி கம்மியா இருந்தாலும் பரவால்ல. டாஸ்க் மேனேஜர்ல GPU டேப்ல பாருங்க, `Shared GPU memory`ன்னு ஒண்ணு இருக்கும், ராம்ல பாதிய கார்டு எடுத்துக்கும். 16 ஜிபி ராம் + 4 ஜிபி கார்டுன்னா மொத்தம் 12 ஜிபி கார்டு மாதிரிதான். அதனால ஆ = இ. ரெண்டும் ஒண்ணுதான்.

ரெண்டர்ராசா
நந்தா, பாதி சரி. சைக்கிள்ஸ் கார்டு மெமரி பத்தலன்னா ராம்லேர்ந்து எடுத்துக்க பாக்கும், அது உண்மைதான், எல்லா சீன்லயும் உடனே எரர் அடிச்சு நிக்காது. ஆனா அந்த டேட்டா ஒவ்வொரு தடவையும் மதர்போர்டு வழியா கார்டுக்கு போய் வரணும், கார்டுக்குள்ளயே இருக்குற மெமரி வேகத்துக்கு அது பக்கத்துலயே வராது. ரெண்டர் நேரம் எகிறிடும். ரிசால்வ்ல அதுவும் எல்லா நேரமும் கெடைக்காது, `Your GPU memory is full`ன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு ப்ளேபேக்க விட்டுடும். அதனால 4ம் 8ம் கூட்டி 12ன்னு கணக்கு போட கூடாது.

ஆனா நீங்க சொன்னதுல ஒரு நல்ல பாயிண்ட் இருக்கு, அத இளவேனில் கவனிக்கணும். அ லேப்டாப்ல 6 ஜிபி கார்டு நெரம்பினா கடன் வாங்க எங்க போகும்? அங்க இருக்குறதே 8 ஜிபி ராம், அதுவும் ஏற்கனவே விண்டோஸும் பிளெண்டரும் தின்னுட்டு உக்காந்திருக்கும்.

பழையகார்டு
இவ்ளோ பேசுறதுக்கு இ எடுத்துட்டு போய்ட்டே இருக்கலாம். 12 ஜிபி கார்டு, ராம் எப்ப வேணா ஏத்தலாம், டிஸ்க் எப்ப வேணா ஏத்தலாம், சூடும் கம்மி. லேப்டாப் கார்டும் டெஸ்க்டாப் கார்டும் பேர் ஒண்ணா இருந்தாலும் ஒண்ணு கிடையாது. 3050 லேப்டாப்புக்கு 35 வாட்லேர்ந்து 80 வாட் வரைக்கும் விதவிதமா விடுறாங்க, 4050க்கு 35லேர்ந்து 115 வரைக்கும். ஒல்லியா இருக்குற லேப்டாப்ல கொறஞ்ச வாட்ல கட்டிப்போட்ட 4050ய விட மூச்சு விட இடம் இருக்குற ஒரு 3050 பெருசா பின்தங்காது. டெமோ பீஸ்ல என்விடியா கண்ட்ரோல் பேனல் தொறந்து Help, System Information போனா `Maximum Graphics Power`ன்னு வாட் காட்டும், அத பாக்காம கார்டு பேர மட்டும் பாத்து காசு குடுக்காதீங்க.

இளவேனில்
இ எனக்கும் ஆசைதான், ஆனா ஹாஸ்டல்ல இருக்கேன், க்ளாஸ்ல எடிட் பண்ணி காட்டணும், லொகேஷன்லயும் ஃபுட்டேஜ் இறக்கி பாக்கணும். மானிட்டர் வேற தனியா வாங்கணும்ல. யூஸ்டு கார்டுன்னா பயமாவும் இருக்கு.

பழையகார்டு
யூஸ்டு கார்டுல பயப்பட ஒண்ணும் இல்லமா, ஆனா ஓட்டி பாக்காம வாங்க கூடாது. பிளெண்டர்ல ஒரு கனமான சீன அரை மணி நேரம் விடாம ரெண்டர் விடுங்க, கூடவே ஒரு கமாண்ட் விண்டோவுல இத ஓட விடுங்க:

```
nvidia-smi -l 2
```

ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ சூடு, வாட், மெமரி எல்லாம் காட்டும். மொத மெமரி மொத்தம் 12288ன்னு காட்டுதான்னு பாருங்க, 3060ல 8 ஜிபியும் இருக்கு, பெட்டி மாறி வரும். அப்புறம் சூடு ஏறி ஒரு இடத்துல நிக்கணும், ஏறிட்டே போச்சுன்னா பேஸ்ட் காஞ்சிருக்கும், இல்லன்னா ஃபேன் வீக். ரெண்டர் ஆன படத்துல சம்பந்தமே இல்லாத கலர் புள்ளி, கட்டம் வந்தா அந்த கார்டு வேணவே வேணாம்.

வெட்டுஒட்டு
ஹாஸ்டல்ல இருக்குற புள்ளைக்கு டெஸ்க்டாப் சொல்றது சரியா படல எனக்கு. சிஸ்டம் எவ்ளோ வேகமா இருந்தாலும் லொகேஷன்ல கையில இல்லன்னா என்ன பிரயோஜனம்.

பழையகார்டு
லொகேஷன்ல ஃபுட்டேஜ் இறக்க பழைய லேப்டாப்பே போதுமே, அதான் கையில இருக்கே. மூணு நாலு வருஷம் ஓட்ட வேண்டிய மெஷின், அத யோசிங்க.

இளவேனில்
பழைய லேப்டாப் வீட்ல தம்பிக்கு போகுதுங்க.

ராசா அண்ணா, 4 ஜிபி கார்டுல என் சீன் நிக்குமா நிக்காதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே எப்படி தெரிஞ்சுக்கிறது? போன செமஸ்டர் ரூம் சீன் ஃபைல் 300 எம்பி கூட இல்ல, அப்ப ஈஸியா நிக்கணும்ல?

ரெண்டர்ராசா
ஃபைல் சைஸ வச்சு சொல்ல முடியாது, எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். டெக்ஸ்சர் டிஸ்க்ல ஜேபெக்கா இருக்கும்போது 4, 5 எம்பிதான் இருக்கும். கார்டுக்குள்ள போகும்போது அமுக்கினது எல்லாம் விரிஞ்சுடும். 4கே டெக்ஸ்சர்னா 4096 x 4096 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 4 பைட், பெருக்கினா ஒரே படம் 64 எம்பி. உங்க சீன்ல எத்தன மெட்டீரியல், ஒவ்வொண்ணுலயும் எத்தன படம் மாட்டிருக்கீங்க?

இளவேனில்
எண்ணி பாத்தேன், 18 மெட்டீரியல். எல்லாமே டவுன்லோட் பண்ணது, கலர், ரஃப்னஸ், நார்மல், டிஸ்ப்ளேஸ்மென்ட்னு நாலு நாலு படம், எல்லாமே 4கே.

ரெண்டர்ராசா
18 x 4 = 72 படம். 72 x 64 = 4608 எம்பி, டெக்ஸ்சருக்கே நாலரை ஜிபி. இது தோராய கணக்கு, ரஃப்னஸ் மாதிரி கருப்பு வெள்ள படம் ஒரே சேனல்ல சேவ் ஆகியிருந்தா கம்மியா எடுக்கும். டிஸ்ப்ளேஸ்மென்ட் 16 பிட்டா இருந்தா அதிகமாவும் எடுக்கும். இது மேல ஜியாமெட்ரி, டீனாய்ஸர், விண்டோஸ் ஸ்கிரீனுக்கு எடுக்குறது எல்லாம் சேத்தா 6 ஜிபி கார்டுலயே இழுபறிதான், 4 ஜிபில உள்ளயே போகாது.

இப்ப அதே சீன 2கே டெக்ஸ்சர்ல பாருங்க. பக்கம் பாதியானா இடம் கால்வாசி ஆகும், படத்துக்கு 16 எம்பி, 72 x 16 = 1152 எம்பி. 4 ஜிபில தாராளமா நிக்கும். நீங்க 1080பில ரெண்டர் பண்றீங்க, மூலையில இருக்குற நாற்காலிக்கு 4கே டெக்ஸ்சர் எதுக்கு, ஃப்ரேம்ல அது 200 பிக்சல் கூட வராது. கேமராவுக்கு மூஞ்சிக்கு நேரா இருக்குற டேபிள், அதுக்கு மட்டும் 4கே வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணா மாத்த நேரம் இல்லன்னா Render Propertiesல `Simplify` ஆன் பண்ணிட்டு `Texture Limit` 2048ன்னு வச்சா மொத்த சீனுக்கும் ஒரே அடியா கொறஞ்சுடும், ஒரிஜினல் ஃபைல் அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு, வியூபோர்ட்ட ரெண்டர்டு மோடுல வச்சுட்டே F12 அடிக்காதீங்க, சீன் கார்டுல ரெண்டு தடவ ஏறி உக்காரும். ரிசால்வ் பின்னாடி தொறந்திருந்தா அதுவும் கொஞ்சம் புடிச்சு வச்சிருக்கும். ராத்திரி அனிமேஷன் ரெண்டர் விடும்போது எல்லாத்தயும் மூடிட்டு இப்படி விடுங்க:

```
blender -b room.blend -E CYCLES -a -- --cycles-device OPTIX
```

பிளெண்டர் ஜன்னலே தொறக்காது, வியூபோர்ட் எடுக்குற மெமரி மிச்சம்.

அதனால எனக்கு படுறது இதுதான். உங்க அளவு 3டிக்கு 4 ஜிபி கார்டு இறுக்கமாதான் இருக்கும், ஆனா இறுக்கத்த தளர்த்த கையில வழி இருக்கு. ரிசால்வும் மத்ததும் சேந்து 13 ஜிபி கேக்கும்போது பதிச்ச 8 ஜிபி ராம தளர்த்த வழியே இல்ல. அ லேப்டாப்ல ராம் பதிச்சதுதான்னா ஆ எடுங்க. அ லேப்டாப்ல ஸ்லாட் இருந்து ஒரு ஸ்டிக் சேக்குற காசும் கையில இருந்தா என் ஓட்டு அதுக்குதான்.

நந்தா_22
கார்டும்தான் லேப்டாப்ல மாத்த முடியாது? நாளைக்கு இவங்க கேரக்டர், முடி, புகைன்னு போனா டெக்ஸ்சர் கொறைக்கிறதெல்லாம் உதவாது. அப்ப 4 ஜிபி மாட்டிக்கும்ல.

ரெண்டர்ராசா
மாட்டிக்கும். முடி, வால்யூம் ரெண்டுக்கும் டெக்ஸ்சர் லிமிட் ஒண்ணும் பண்ணாது, நீங்க சொல்றது சரி. அப்ப சிபியுல ரெண்டர் விடணும், நேரம் பல மடங்கு ஆகும், ஆனா 16 ஜிபி ராம்ல சீன் ஏறவாவது ஏறும். அந்த பக்கம் போறது உறுதின்னா லேப்டாப்பே வேணாம், பழையகார்டு சொல்ற இ டெஸ்க்டாப்தான் வழி.

பழையகார்டு
அதத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்றேன்.

இளவேனில்
சரி ஸ்டோரேஜ்? 512 போதுமா? இல்ல 1 டிபி எஸ்எஸ்டி இருக்குற வேற மாடல் தேடவா?

வெட்டுஒட்டு
இது நான் சொல்றேன், நமக்கு தினமும் இதோடதான் மல்லுக்கட்டு. போன் 4கே செகண்டுக்கு 50 மெகாபிட்னு வச்சுக்கோங்க, உங்க போன்ல எவ்ளோன்னு ஃபைல் ப்ராப்பர்டீஸ்ல பாத்துக்கலாம். அது 6 எம்பி சொச்சம்தான் செகண்டுக்கு, சாதா ஹார்ட் டிஸ்க்கே நூறு எம்பிக்கு மேல படிக்கும், அதனால ப்ளே பண்றதுக்கு ரொம்ப வேகமான எஸ்எஸ்டின்னு காச கொட்ட வேணாம். இடம்தான் மேட்டர். 50 மெகாபிட்ல ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 22 ஜிபி சொச்சம். 15 நிமிஷ படத்துக்கு மூணு மணி நேரம் ஷூட் பண்ணீங்கன்னா 70 ஜிபி கிட்ட, ப்ராக்ஸியும் கேஷும் சேந்தா அதே அளவு இன்னொரு தடவ. விண்டோஸ், சாஃப்ட்வேர் போக 512ல ரெண்டு படம் ஒண்ணா வச்சு வேல பண்ணலாம், மூணாவது வந்தா ஒண்ண வெளிய தள்ளணும். முடிஞ்ச படத்த வெளி ஹார்ட் டிஸ்க்ல போடுங்க, அதுவும் ஒண்ணுல மட்டும் வைக்காதீங்க, ரெண்டு இடத்துல இருக்கணும்.

மலிவு எஸ்எஸ்டில ஒரு தொல்ல இருக்கு. பெரிய ஃபோல்டர் காப்பி பண்ணும்போது மொதல்ல ஜம்முனு போகும், கொஞ்ச நேரத்துல ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு படுத்துடும். டிஸ்க் நெரம்ப நெரம்ப இது சீக்கிரமே வரும், அதனால எப்பவும் ஒரு நூறு ஜிபியாவது காலியா விட்டு வைங்க.

ரெண்டர்ராசா
ஆ லேப்டாப்ல ரெண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கான்னு பாருங்க, இருந்தா 512 போதும், அப்புறம் சேத்துக்கலாம். 1 டிபிக்காக ராம விட்டுக்குடுக்காதீங்க.

செல்வி_டக்ஸ்
விண்டோஸ் எடுத்துட்டு லினக்ஸ் போட்டா ராம் கம்மியா எடுக்கும், 8 ஜிபிலயே சமாளிக்கலாமே?

ரெண்டர்ராசா
பிளெண்டருக்கு லினக்ஸ் அருமை. ஆனா ரிசால்வ் இலவச வெர்ஷன் லினக்ஸ்ல எச்.264, எச்.265 ஃபைல தொறக்காது, போன் வீடியோ எல்லாம் அதான். ஒவ்வொரு க்ளிப்பையும் மாத்தி மாத்தி போடணும், ஆடியோவும் ஏஏசின்னா அதே கததான். இவங்க வேலைக்கு ஒத்து வராது.

இளவேனில்
இன்னைக்கு கடைக்கு போய் டெமோ பீஸ் பாத்துட்டு வந்தேன். அ லேப்டாப்ல Form factor `Row of chips`, கம்பெனி சைட்லயும் கூட ஸ்லாட் இல்லன்னு போட்டிருக்கு. ஆ லேப்டாப்ல SODIMM, `Slots used` 1 of 2, Maximum Graphics Power 75 வாட். எம்.2 ஸ்லாட் ரெண்டு இருக்காம், அத மட்டும் ஸ்பெக் பக்கத்துல தெளிவா போடல, கேட்டிருக்கேன். ஆ தான் எடுக்க போறேன் அனேகமா. ஒரே ஸ்டிக் 16ன்னா ஏதும் பிரச்சனையா? பின்னாடி 8 ஒண்ணு சேத்தா ஓடுமா, இல்ல 16தான் போடணுமா?

ரெண்டர்ராசா
ஒரே ஸ்டிக்னா ராம் வேகம் பாதி வழியிலதான் ஓடும். தனி கார்டு இருக்குறதால உங்களுக்கு பெருசா தெரியாது, கார்டு இல்லாத மெஷின்ல நல்லா தெரியும். 16+8 ஓடும், ஆனா 8+8 அளவுக்குதான் ஜோடியா போகும், மிச்ச 8 தனியா ஓடும். ஃப்யூஷன் பக்கம் போறதா இருந்தா பொறுத்திருந்து 16ஆவே போடுங்க. வாங்கும்போது டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆன்னு பாத்துக்கோங்க, ஒண்ணு இன்னொண்ணுல மாட்டாது.

பழையகார்டு
75 வாட் நல்ல நம்பர்தான், ஒத்துக்குறேன். ஆனாலும் 4 ஜிபி எனக்கு மனசு ஒப்பல. அதே மாடல்ல 3050 6 ஜிபி வெர்ஷன் வருதான்னு ஒரு தடவ கேட்டு பாருங்க, ரெண்டும் ஒரே பேர்லதான் விப்பாங்க.

இளவேனில்
அது தெரியாம போச்சே. நாளைக்கு கேட்டுட்டு வந்து போடுறேன் அண்ணா.